தைராய்டு ஸ்லைடில் ஏசி வேண்டாம், ஹீட்டர் போடுங்கள்

வகுப்பில் தைராய்டின் எதிர்மறைப் பின்னூட்டத்தை விளக்க எல்லோரும் தெர்மோஸ்டாட் படம் போடுகிறோம். நம் ஊரில் தெர்மோஸ்டாட் என்றால் ஏசிதான் நினைவுக்கு வரும், குழப்பமும் அங்கேதான் தொடங்குகிறது. ஏசி, அறை சூடானால் ஓடும். தைராய்டோ, ஹார்மோன் குறைந்தால் தூண்டப்படும். அதனால் குளிர்நாட்டு அறை ஹீட்டரையே வரையுங்கள்.

அறையின் சூடு டி4. சுவரில் இருக்கும் தெர்மோஸ்டாட் பிட்யூட்டரி. அங்கிருந்து ஹீட்டருக்குப் போகும் கம்பி டிஎஸ்எச். ஹீட்டர் தைராய்டு. எந்த அளவில் வைப்பது என்று திருகும் கை, ஹைப்போதலாமஸ். சூடு ஏறியதும் கம்பியில் சிக்னல் குறைகிறது. 'எதிர்மறை' என்பது இந்தக் குறைப்புதான். அதைக் கெட்ட விளைவு என்று எழுதும் மாணவர்கள் உண்டு!

அடுத்த ஸ்லைடில் ஒரு ரிப்போர்ட் காட்டுங்கள்: டிஎஸ்எச் 40, டி4 குறைவு. எது பழுது என்று கேளுங்கள். டிஎஸ்எச் அதிகம் என்பதால் பலர் பிட்யூட்டரி என்பார்கள். ஆனால் தெர்மோஸ்டாட் கத்திக்கொண்டிருக்கிறது, ஹீட்டர்தான் எரியவில்லை. டி4 குறைந்தும் டிஎஸ்எச் ஏறவில்லையென்றால்தான் தெர்மோஸ்டாட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

ஒப்புமை உடையும் இடத்தையும் சொல்லிவிடுங்கள். சாதாரணத் தெர்மோஸ்டாட்டுக்கு ஆன், ஆஃப் மட்டுமே. பிட்யூட்டரி சிறுகச் சிறுகக் கூட்டிக் குறைக்கும். அப்புறம், அறை நிமிடங்களில் சூடாகும். டி4-இன் அரை ஆயுளோ சுமார் 7 நாள். மாத்திரை அளவை மாற்றினால் டிஎஸ்எச்சை 6 முதல் 8 வாரம் கழித்துப் பார்ப்பது அதனால்தான்.