மாட்டிக்கொண்ட முழங்காலை அழுத்தாதீர்கள்

போன வாரம் புதிதாகச் சேர்ந்த பிசியோதெரபிஸ்ட் ஒருவர், ஒரு பையனின் குதிகாலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, நீளாத முழங்காலை மேலிருந்து அழுத்திக்கொண்டிருந்தார். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். தொழிலுக்கு வந்த புதிதில் நானும் இதைத்தான் செய்தேன். முட்டிக் காயத்தில் நாம் செய்யும் தவறுகள் இவை.

எல்லாவற்றையும் 'ஜவ்வு' என்று முடிப்பது

முட்டிக்குள் எது கிழிந்தாலும் நம் ஊரில் ஜவ்வுதான். எலும்புகளைப் பிணைக்கும் லிகமெண்டும் ஜவ்வு, இடையில் மெத்தையாக இருக்கும் மெனிஸ்கஸும் ஜவ்வு. பெயரை விடுங்கள், நடந்ததைக் கேளுங்கள். முட்டியின் நடுவில் இருக்கும் ஏசிஎல் என்ற லிகமெண்ட் அறுந்தால் பெரும்பாலும் 'டப்' என்று உள்ளே உணர்வார்கள். ரத்தம் கசிந்து ஓரிரு மணி நேரத்திலேயே முட்டி வீங்கிவிடும். வீக்கம் வடிந்தபின் நேராக நடக்கலாம், சட்டென்று திரும்பினால்தான் கால் நழுவும். மெனிஸ்கஸ் மட்டும் கிழிந்தால் வீக்கம் மெல்ல வரும், பல சமயம் மறுநாள்தான் தெரியும். மூட்டு இடுக்கில் விரல் வைத்தால் வலிக்கும், உள்ளே ஏதோ சிக்கும்.

பூட்டை இறுக்கம் என்று நினைப்பது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். வந்தவர் கபடி ஆடும் இளைஞர். கடைசி 20 டிகிரி கால் நீளவில்லை. வலியில் தசை இறுகியிருக்கிறது என்று முடிவுகட்டி, மூன்று வாரம் ஒத்தடம் கொடுத்து அழுத்தினேன். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் ரப்பரில் மோதியது போல நின்று துள்ளியது. உள்ளே ஏதோ மாட்டி மூட்டு பூட்டிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அதுவே பதில், எனக்குப் புரியவில்லை.

எம்ஆர்ஐ எடுத்தபோது மெனிஸ்கஸ் நீளவாக்கில் கிழிந்து, வாளியின் கைப்பிடி போலப் புரண்டு மூட்டின் நடுவில் கிடந்தது. கதவிடுக்கில் மாட்டிய துணியை வைத்துக்கொண்டே கதவைச் சாத்தியிருக்கிறேன்! ஓரம் நைந்துவிட்டதால் தைக்க முடியவில்லை, அந்தத் துண்டை வெட்டி எடுத்தார்கள். பழைய கதையை அப்புறம்தான் கேட்டேன். ஆறு மாதம் முன்பே 'டப்' சத்தம், உடனே வீக்கம். வடிந்ததும் ஆடப் போய்விட்டார். அறுந்த ஏசிஎல்லோடு ஒவ்வொரு முறை கால் நழுவியபோதும் மெனிஸ்கஸ் நசுங்கியிருக்கிறது.

இப்போது முதலில் குப்புறப் படுக்க வைத்து, பாதங்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, இரண்டு குதிகாலும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று பார்க்கிறேன். ஒன்று தூக்கி நின்றால் அழுத்த மாட்டேன். தசை இறுக்கமாகவும் இருக்கலாம். அது வலி அடங்க அடங்க இளகும். பூட்டு அப்படி இளகாது. அந்தச் சந்தேகம் இருந்தால் அன்றைக்கே எலும்பு மருத்துவரிடம் அனுப்புகிறேன்.

எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று திரும்புவது

அதில் மெனிஸ்கஸும் தெரியாது, லிகமெண்டும் தெரியாது.

சுளுக்கு எடுப்பது

பூட்டிய முட்டியில் கூடவே கூடாது.

நழுவினாலே லிகமெண்ட் என்பது

தொடைத் தசை சோர்ந்திருந்தாலும் நழுவும். படுத்தபடி காலை மடங்காமல் தூக்கச் சொல்லிப் பாருங்கள், முட்டி தளர்ந்து மடங்கினால் தசையும் காரணமாக இருக்கலாம்.