புளியரையில் படுத்துக்கொண்ட மெமரி கார்டு

புளியரையில் குறும்படம் எடுத்த மாலை, லேப்டாப் கார்டைத் திறக்காமல் ‘ஃபார்மட் செய்யவா?’ என்றே கேட்டது. ரீடரை மாற்றினேன், தென்காசியில் ஒரு கடையில் காட்டினேன், பலனில்லை. பழுதான கார்டைத் திரும்பத் திரும்பப் படித்தால் இன்னும் மோசமாகலாம். அதனால் ddrescue மூலம் முழு கார்டையும் ஒரே கோப்பாக நகலெடுத்து, அந்த நகலில் கோப்புகளை மீட்கும் PhotoRec மென்பொருளை ஓட்டினேன். கிளிப்புகள் வந்தன.

கடைசிக் கிளிப் மட்டும் அளவு பெரிதாக இருந்தும் ஓடவில்லை. ரெக்கார்டிங்கை நிறுத்தும்போதுதான் எந்தக் காட்சி கோப்பில் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையை என் கேமரா கோப்பின் முடிவில் எழுதும்; அது இல்லாமல் கிளிப் ஓடாது. அதற்குள் கார்டு போய்விட்டது. அதே கேமராவில், அதே செட்டிங்கில் எடுத்த நல்ல கிளிப்பை, உடைந்த வீடியோவைச் சரிசெய்யும் untrunc மென்பொருளுக்கு மாதிரியாகக் கொடுத்தேன்:

```
untrunc good.mp4 broken.mp4
```

ஓடியது! அப்பாடா.

இப்போது ஆரியங்காவில் ஷூட்டிங். தினமும் இரவு இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளுக்கு நகலெடுத்து, செக்சம் ஒத்துப்போகிறதா என்று பார்த்து, கடைசிக் கிளிப்பை ஓட்டிப் பார்த்த பிறகே கார்டை ஃபார்மட் செய்கிறேன், அதுவும் கேமராவிலேயே.