உயிருள்ளவை, உயிரற்றவை: பட அட்டை விளையாட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் எங்கள் பள்ளிக்குக் கற்பித்தல் பயிற்சிக்காக வந்த இளம் ஆசிரியை ஒருவர், ஒன்றாம் வகுப்பில் உயிருள்ளவை, உயிரற்றவை பாடத்தை விளையாட்டாக நடத்தினார். தரையில் சுண்ணக்கட்டியால் இரண்டு வட்டங்கள் வரைந்து, இருபது பட அட்டைகளைப் பிள்ளைகளிடம் கொடுத்து, உரிய வட்டத்தில் வைக்கச் சொன்னார். பசு, நாய், கோழி, பூனை என்று பத்து விலங்குகள். நாற்காலி, புத்தகம், குடம், கல் என்று பத்துப் பொருள்கள். ஓர் அட்டைகூடத் தவறவில்லை. "எல்லாருக்கும் புரிஞ்சிடுச்சு டீச்சர்" என்று அவர் மகிழ்ந்தபோது, பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு வயிற்றைக் கலக்கியது. பல ஆண்டுகளுக்கு முன்பு, பென்னாகரம் பக்கத்துச் சிற்றூர்ப் பள்ளியில் நானும் ஏறக்குறைய அதே இருபது அட்டைகளோடு அதே மகிழ்ச்சியை அடைந்து வீட்டுக்குப் போனவள்தான்.

படம் சிறியதாக இருப்பது, அட்டை போதாமல் போவது போன்ற தவறுகளைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அவை முதல் ஐந்து நிமிடத்திலேயே தெரிந்துவிடும், நாமே திருத்திக்கொள்வோம். எல்லாம் சரியாக நடந்ததாகத் தோன்றவைத்து, மூன்று வாரம் கழித்துக் காலை வாரும் தவறு ஒன்று இருக்கிறது. முதலில் அதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

## நகர்வதற்கெல்லாம் உயிர் உண்டு என்று பழக்கிவிடுவது

பயிற்சி ஆசிரியை வைத்திருந்த இருபது அட்டைகளையும் ஒருமுறை மனத்துக்குள் பரப்பிப் பாருங்கள். உயிருள்ள பத்தும் நடக்கும், பறக்கும் அல்லது ஓடும். உயிரற்ற பத்தும் வைத்த இடத்தில் இருக்கும். உயிர் என்றால் என்னவென்றே தெரியாத பிள்ளைகூட, "நகருமா, நகராதா?" என்ற ஒரே கேள்வியை வைத்து இருபதுக்கு இருபது வாங்கிவிடும். நாம் சொல்லித்தராத அந்த விதியைப் பிள்ளை தானாகவே வைத்துக்கொள்கிறது என்பதுதான் சிக்கல். ஸ்விட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே 1920களிலேயே சிறு பிள்ளைகளிடம் பேசிப் பார்த்து, அவர்கள் நகர்வனவற்றை உயிருள்ளவை என்று சொல்வதைப் பதிவு செய்திருக்கிறார். ஆறு வயதுப் பிள்ளை வகுப்புக்கு வரும்போதே கையில் வைத்திருக்கும் அந்த எண்ணத்தைக் கலைப்பதற்குப் பதிலாக, இருபது முறை கைதட்டி உறுதிப்படுத்தி அனுப்புகிறோம்.

நம் மொழியும் இதில் கொஞ்சம் துணைபோகிறது. ஆடு வருது, பஸ் வருது, ஆத்துல தண்ணி வருது: அஃறிணை என்பதால் மூன்றுக்கும் ஒரே வினைமுற்று. அண்ணனின் கைப்பேசிக்கு 'உயிர் போச்சு', டார்ச் லைட்டில் 'பேட்டரி செத்துப்போச்சு' என்று வீட்டில் பெரியவர்கள் பேசுவதும் பிள்ளையின் காதில் விழுந்துகொண்டுதான் இருக்கிறது.

அந்தச் சிற்றூர்ப் பள்ளியில், மூன்று வாரம் கழித்து எனக்கு விடிந்தது. பேருந்து, மாமரம் என்று இரண்டு புதிய அட்டைகளை நீட்டினேன். பேருந்து நேராக உயிருள்ள வட்டத்துக்குப் போனது. மாமரம், கல்லுக்கும் நாற்காலிக்கும் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. மாந்தோப்புக்கு நடுவில் வீடு இருக்கும் ஒரு சிறுமியிடம், "ஏம்மா, மரத்துக்கு உயிர் இல்லையா?" என்று கேட்டேன். "அது அங்கேயேதானே நிக்குது டீச்சர்" என்றாள். அவள்மேல் குற்றமில்லை. நான் கொடுத்த இருபது அட்டைகளிலிருந்து எதைக் கற்க முடியுமோ அதை அவள் சரியாகவே கற்றிருந்தாள்.

அதைத் திருத்தப்போய் இன்னொரு தவறும் செய்தேன், அதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. செடிக்கும் உயிர் உண்டு என்று காட்ட, வேலியோரத்திலிருந்து தொட்டாற்சுருங்கியை மண்ணோடு பெயர்த்து வந்து, பிள்ளைகள் ஒவ்வொருவரையும் தொடச் சொன்னேன். இலை சுருங்கியதைப் பார்த்து வகுப்பே ஆரவாரித்தது. மறுநாள் துளசிச் செடியின் அட்டையைக் காட்டினால், "இது தொட்டா அசையல, உயிரில்ல" என்று ஒரே குரலில் சொன்னார்கள். நகர்வதே உயிர் என்ற விதியை உடைப்பதாக எண்ணி, அதற்கு மிகச் சிறந்த சான்றை நானே தேடிப்பிடித்துக் கொடுத்திருக்கிறேன்.

## பன்னிரண்டு அட்டைகள் போதும்

இப்போது நான் பயன்படுத்துவது பன்னிரண்டு அட்டைகள்தான். நகரும் உயிர்கள் மூன்று: ஆடு, கோழி, எறும்பு. நகராத உயிர்கள் மூன்று: மாமரம், துளசி, ராகிப் பயிர். நகராத பொருள்கள் மூன்று: கல், நாற்காலி, குடம். நகரும் பொருள்கள் மூன்று: பேருந்து, மின்விசிறி, ஆறு. இந்தக் கட்டில், நகர்வதை மட்டும் பார்க்கும் பிள்ளைக்குச் சரியாக ஆறு அட்டைகள் பொருந்தும், ஆறு மாறிப்போகும். எந்தெந்த அட்டைகள் மாறின என்று பார்த்தாலே பிள்ளையின் மனத்தில் ஓடும் விதி தெரிந்துவிடும். மரங்களும் பயிர்களும் மட்டும் மாறினால் அது வேறு குழப்பம். அந்தப் பிள்ளைக்குப் பேருந்தைப் பற்றிப் பேச வேண்டியதில்லை.

முதல் நாள் நான் எதையும் திருத்துவதில்லை. யார் எதை எங்கே வைத்தார்கள் என்று குறித்துக்கொண்டு, ஏன் என்று மட்டும் கேட்கிறேன். இரண்டாம் நாள் 'கன்று' விளையாட்டு. பசுவின் படத்தோடு கன்றுக்குட்டியின் படம், மாமரத்தின் படத்தோடு மாங்கன்றின் படம். தமிழில் மாட்டின் குட்டிக்கும் மரத்தின் குட்டிக்கும் ஒரே பெயர் இருப்பது, இந்தப் பாடத்துக்கென்றே யாரோ செய்துவைத்தது போல இருக்கிறது. மாங்கன்று, தென்னங்கன்று, வாழைக்கன்று என்று தோட்டத்தில் நாள்தோறும் கேட்கும் சொற்கள்தான் என்றாலும், அவற்றைக் கன்றுக்குட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் பிள்ளைகளின் முகம் மாறும். "அப்போ மரமும் குட்டியா இருந்து பெருசாகுதா?" என்று யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்வி வரும்வரை நான் காத்திருப்பேன்.

பிறகு பேருந்து அட்டையை எடுத்து, "இதுக்குக் கன்று எங்கே?" என்று கேட்க வேண்டும். போன ஆண்டு ஒரு பையன் சற்றும் யோசிக்காமல் "மினி பஸ்" என்றான். சிரித்துவிடக் கூடாது, அருமையான பதில் அது. "மினி பஸ் வளர்ந்து பெரிய பஸ் ஆகுமா?" என்று கேட்டேன். அவன் ஊருக்கு நான்கைந்து ஆண்டுகளாக அதே மினி பஸ்தான் வருகிறது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஆகல டீச்சர், பெயின்ட்தான் போயிடுச்சு" என்றான். இன்னொருத்தி விடவில்லை: "பஸ் டீசல் குடிக்குதே?" குடிக்கிறதுதான். ஆடு தழை தின்றால் அதன் உடம்பு பெரிதாகிறது; பேருந்து எத்தனை ஆண்டு டீசல் குடித்தாலும் ஒரு விரற்கடை வளர்வதில்லை, குட்டியும் போடுவதில்லை.

ஆகவே 'சாப்பிடுமா?', 'வளருமா?', 'தன்னைப் போல இன்னொன்றை உண்டாக்குமா?' என்ற மூன்று கேள்விகளையும் தனித்தனியாக விடாமல் சேர்த்தே கேட்க வேண்டும். ஒற்றைக் கேள்வியாக விட்டால் ஒவ்வொன்றிலும் ஓட்டை உண்டு. ஒகேனக்கலில் வெள்ளம் பார்த்துவந்த பிள்ளை, ஆறும் வளர்கிறது என்றுதான் சொல்லும். அப்போது, "அது தானாக வளர்ந்ததா, மழைத் தண்ணீர் வந்து சேர்ந்ததா? அதுக்குக் குட்டி ஆறு பிறக்குமா?" என்று அடுத்த கேள்விக்குப் போகலாம். செடி மூச்சு விடுகிறது என்பது உண்மையே ஆனாலும், அதை ஆறு வயதில் கண்ணால் காட்ட முடியாது; நாம் சொன்னதற்காக ஒப்பிப்பார்கள், அவ்வளவுதான்.

## விதையை அட்டையாக மட்டும் காட்டுவது

விதையின் படத்தை எந்த வட்டத்தில் வைப்பது என்று பிள்ளைகள் அடித்துக்கொள்வார்கள், நாம் தீர்ப்புச் சொன்னால் நம்பவும் மாட்டார்கள். எங்கள் பக்கத்து வீடுகளில் ராகியை முளைகட்டுவது எல்லோருக்கும் தெரிந்த வேலை. ஒரு பிடி ராகியையும், அதே அளவுள்ள பொடிக் கற்கள் நான்கைந்தையும் தனித்தனியாக இரவு முழுதும் ஊறவைத்து, தண்ணீரை வடித்து, ஈரத்துணியில் தனித்தனி முடிச்சாகக் கட்டி வகுப்பில் தொங்கவிடுங்கள். துணி காயாமல் பிள்ளைகளே தண்ணீர் தெளிக்கட்டும். இரண்டாம் நாளில் ராகியில் வெள்ளை முனை எட்டிப்பார்க்கும். குளிர்காலமாக இருந்தால் இன்னும் ஒரு நாள் பிடிக்கும். கல்லுக்கும் அதே தண்ணீர்தான் ஊற்றினோம் என்பதை அவர்கள் வாயாலேயே சொல்லவைக்க வேண்டும். ராகி மிகப் பொடியாக இருப்பதால் முளை சரியாகத் தெரியாதவர்களுக்குப் பச்சைப்பயறு எளிது.

## ஓட்டப்பந்தயமாக்குவது

விசில் ஊதியதும் வட்டத்துக்கு ஓடச் சொன்னால், வேகமாக ஓடும் இரண்டு பேர் போகும் பக்கம் மற்றவர்கள் எல்லாம் போவார்கள். அட்டையை நெஞ்சோடு கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, எந்த வட்டம் என்று முதலில் முடிவு செய்து, ஒருவர் பின் ஒருவராக நடந்துபோய்க் காரணம் சொல்லிவிட்டு வைக்கட்டும். இரண்டு வட்டங்களுக்கும் நடுவில் ஒரு கோடு போட்டு, 'தெரியல' என்பவர்கள் அட்டையை அங்கே வைக்கலாம் என்று சொல்லிவிட்டால், அழுகை பாதியாகக் குறையும்.

## இரண்டு வண்ண அட்டைகள்

விலங்குகளைப் பச்சை அட்டையிலும் பொருள்களை மஞ்சள் அட்டையிலும் ஒட்டினால், பிள்ளைகள் பிரிப்பது வண்ணத்தை.

## கண்ணும் வாயும் வரைந்த பேருந்து

வேண்டாம். சிரிக்கும் சூரியனும் வேண்டாம்.

## சாமி சிலை

அட்டையில் சேர்க்காதீர்கள். மறுநாள் காலையில் பாட்டி வந்து வாசலில் நிற்பார்.

## "இது காகிதம்தானே?"

ஒவ்வோர் ஆண்டும் ஒரு பிள்ளையாவது பசுவின் படத்தை உயிரற்ற வட்டத்தில் வைத்துவிட்டு, இது வெறும் படம் என்று சொல்லும். அது சரியான விடை. படத்தில் இருப்பது நிஜமாக உங்கள் வீட்டில் இருந்தால் எங்கே வைப்பாய் என்று கேட்டால் போதும். அதே பாடவேளைக்கு முன்னால் உயிர் எழுத்துகளை நடத்திவிட்டு வந்திருந்தால் 'அ'வுக்கும் உயிர் இருக்கிறதா என்ற கேள்வியும் வரும். ஆகவே இரண்டு பாடங்களையும் ஒரே நாளில் வைக்காமல் இருப்பது நல்லது.

## முட்டை, காய்ந்த இலை, மர நாற்காலி

ஒரு காலத்தில் உயிரோடு இருந்தவை, உயிருள்ளவற்றிலிருந்து வந்தவை என்ற மூன்றாம் வகையை முதல் வாரத்தில் இழுக்காதீர்கள். நாற்காலி மரத்தால் ஆனதுதானே என்று பிள்ளையே கேட்டால், நடுக்கோட்டில் வைத்துவிட்டுப் பின்னர் பேசலாம். கேட்கும் என்று அஞ்சினால் பிளாஸ்டிக் நாற்காலியின் படத்தை ஒட்டிவிடுங்கள்.

## பழகிய அட்டைகளிலேயே சோதிப்பது

பன்னிரண்டு அட்டைகளையும் பத்து நாள் வைத்து விளையாடிய பிறகு, அவற்றை எங்கே வைப்பது என்பது பிள்ளைகளுக்கு மனப்பாடம் ஆகியிருக்கும். ஆகவே சோதிப்பதற்கென்று நான்கு அட்டைகளைத் தனியே ஒளித்து வையுங்கள்: மேகம், ரயில், முருங்கை மரம், நத்தை. இரண்டு வாரம் கழித்து, ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகக் கூப்பிட்டுக் கொடுங்கள். இந்தப் பன்னிரண்டு அட்டைகளுக்கு மாறிய பயிற்சி ஆசிரியையும் தம் கடைசி வாரத்தில் அப்படியே செய்தார். இருபத்து மூன்று பேரில் ஏழு பேர் மேகத்தை உயிருள்ள வட்டத்தில் வைத்தார்கள். முருங்கையை ஒருவரும் கல்லோடு சேர்க்கவில்லை. அந்த ஏழு பேருக்காக அவர் மறுநாள் மீண்டும் ஆற்றின் அட்டையையும் பேருந்து அட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.