ஸ்லைடில் எந்த அசைவை எழுத வேண்டும், எதை விட்டுவிடலாம்?

கூட்டத்துக்கு வரமுடியாதவர்களுக்காக ஸ்லைடுகளைச் சுருக்கி எழுதிக் கொடுப்பேன். அப்படி ஒருமுறை, படுவான்கரை விவசாயிகள் கூட்டமொன்றில் காட்டிய ஸ்லைடுகளை எழுதும்போது பெரிய பிழை ஒன்று விட்டேன். கையில் இருந்தது பி.டி.எஃப் பிரதி மட்டும்தான்.

அதில் ஒரு ஸ்லைட் மட்டக்களப்பு வாவியின் வரைபடம். முகத்துவாரத்தில் மண்திட்டைக் காட்டும் சிவப்புக் கோடு, வயல்களின் மேல் நீல நிறம், வாவியிலிருந்து கடலுக்கு ஓர் அம்பு, கடலிலிருந்து வாவிக்குள் இன்னோர் அம்பு. எல்லாம் ஒரே படத்தில். நான் எழுதியது: “முகத்துவாரம் மூடிக்கிடப்பதால் கடல்நீர் உள்ளே வந்து வயல்கள் மூழ்குகின்றன.” படித்த பெரியவர் ஒருவர் தொலைபேசியில் கேட்டார்: “தம்பி, வாய் மூடிக் கிடக்கக்குள்ள கடல்தண்ணி எப்படி உள்ள வரும்?”

அவர் கேட்டது சரி. வயலை மூழ்கடித்தது மாரிமழை வெள்ளம். கடல்நீர் வந்தது மண்திட்டை வெட்டிய பிறகு. இந்த முன்பின் முழுவதும் அனிமேஷனில்தான் இருந்தது. அதே ஸ்லைடை வைத்தே செய்முறையைச் சொல்கிறேன்.

படி 1: மூலக் கோப்பைத் திறந்து பாருங்கள்

பி.டி.எஃப் என்றால் ஸ்லைடின் கடைசி நிலை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. ஸ்லைடைத் தயாரித்தவர் திருத்தும்போது திரையில் எப்படிக் கிடந்ததோ, அதுதான் பி.டி.எஃபில் வரும். காட்டும்போது மறைந்துபோகும் பொருளும் அதில் இருக்கும். நகரும் பொருள் புறப்பட்ட இடத்திலேயே நிற்கும். ஆகவே கூட்டத்தில் எவருமே எந்த நொடியிலும் காணாத ஒரு படத்தை அது காட்டக்கூடும். என் வரைபடத்துக்கு நடந்தது அதுதான்.

மூலக் கோப்பை பவர்பொயின்டில் திறந்து, `Animations` பகுதியில் `Animation Pane` என்பதை அழுத்துங்கள். வலப்பக்கத்தில் ஒரு பட்டியல் வரும். பச்சை நட்சத்திரம் இருந்தால் அந்தப் பொருள் தோன்றுகிறது. மஞ்சள் என்றால் ஏற்கெனவே இருக்கும் பொருளைச் சுட்டிக்காட்டுகிறார்கள். சிவப்பு என்றால் அது மறைகிறது. நகரும் பாதைக்கு ஸ்லைடின் மேலேயே ஒரு கோடு தெரியும். சுட்டியின் படம் போட்டிருக்கும் வரிகள் கிளிக் செய்யும்போது நடப்பவை. என் ஸ்லைடில் ஆறு கிளிக்குகள் இருந்தன.

இந்தப் பட்டியல் நேரடியாகக் காட்டாத மறைவும் உண்டு. ஒரு வரியில் இரட்டைக் கிளிக் செய்தால் வரும் பெட்டியில் `After animation` என்று ஒரு தெரிவு இருக்கும். அதில் `Hide on Next Mouse Click` போட்டிருந்தால், பச்சையாக வந்த பொருள் அடுத்த கிளிக்கில் தானாகவே மறைந்துவிடும். சிவப்பு நட்சத்திரம் வராது. அதனால் பட்டியலைப் பார்த்ததோடு விடாமல் ஸ்லைட் ஷோவையும் ஒருமுறை ஓடவிட்டு, ஒவ்வொரு கிளிக்குக்கும் ஒரு வரி குறித்துக்கொள்ளுங்கள்.

நான் குறித்தவை இவை. ஒன்று, தலைப்பு மெல்லத் தோன்றுகிறது. இரண்டு, முகத்துவாரத்தில் சிவப்புக் கோடு வருகிறது. மூன்று, வயல்களின் மேல் நீலம் பரவுகிறது. நான்கு, சிவப்புக் கோடு மறைந்து கடலை நோக்கிய அம்பு வருகிறது. ஐந்து, வயல் நீலமும் அந்த அம்பும் மறைகின்றன. ஆறு, கடலிலிருந்து வாவிக்குள் அம்பு வருகிறது.

படி 2: ஒவ்வொரு வரியையும் சோதியுங்கள்

நான் இரண்டு கேள்விகள் கேட்பேன். முதலாவது: இந்த அசைவே இல்லாமல் எல்லாவற்றையும் ஒன்றாகக் காட்டியிருந்தால், பார்ப்பவர் தவறாக எதையாவது நம்புவாரா? தலைப்பு மெல்ல வந்தாலும் சட்டென்று வந்தாலும் யாரும் ஏமாறப்போவதில்லை, விட்டுவிடலாம். சிவப்புக் கோடு மறையாமல் இருந்தால் வாய் இன்னும் மூடியிருக்கிறது என்று நம்புவார், நான் நம்பியதுபோல. அப்படியானால் எழுதியே ஆகவேண்டும்.

இரண்டாவது: இரண்டு கிளிக்குகளை இடம்மாற்றினால் சொல்லும் விஷயம் பொய்யாகுமா? நான்கையும் ஆறையும் மாற்றிப் பாருங்கள். கடல்நீர் வந்து, பிறகு வாய் வெட்டப்படுகிறது. அது நடக்காத காரியம். ஆகவே வரிசைக்கும் பொருள் உண்டு. இதற்கு மாறாக, அதே கோப்பில் விதைநெல், உரம், எண்ணெய் என்று ஒவ்வொன்றாக வரும் செலவுப் பட்டியல் ஒன்றும் இருந்தது. எந்த வரிசையில் வந்தாலும் அதே பட்டியல்தான். பேசுபவர் பேச்சை நிதானமாகக் கொண்டுபோகச் செய்த ஏற்பாடு அது. சுருக்கத்தில் சாதாரணப் பட்டியலாகப் போட்டால் போதும்.

பொதுவாக, சிவப்பு நட்சத்திரத்தையும் நகரும் பாதையையும் சந்தேகத்தோடு பார்ப்பேன், பச்சையைக் கொஞ்சம் தாராளமாக விடுவேன். ஆனால் கேள்வி முதலிலும் விடை அடுத்த கிளிக்கிலும் வந்தால், அந்தப் பச்சை முக்கியமானது. கேட்டவர்களை முதலில் ஊகிக்கவைத்தார்கள் என்பது அதில் இருக்கிறது.

படி 3: ஸ்லைடுக்கு ஸ்லைட் மாறும் விதம்

இதில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். மங்கி மறைவது, பக்கம் புரள்வது எல்லாம் அலங்காரம்தான். கவனிக்க வேண்டியது `Morph`. ஒரு ஸ்லைடில் இருந்த பொருள் அடுத்த ஸ்லைடில் வேறு இடத்துக்கோ வேறு அளவுக்கோ நகர்ந்து போவதாக அது காட்டும். மாவட்ட வரைபடம் பெரிதாகி முகத்துவாரத்தில் போய் நின்றால், “இது அந்த இடத்தின் நெருக்கமான காட்சி” என்ற தொடர்பு அந்த அசைவில்தான் இருக்கிறது. இரண்டு ஸ்லைடையும் தனித்தனியே சுருக்கினால் அது போய்விடும்.

படி 4: மாற்றத்தை எழுதுங்கள், எஃபெக்டை எழுதாதீர்கள்

“நீல நிறம் இடமிருந்து வலமாகப் பரவுகிறது, பிறகு அம்பு பறந்து வருகிறது” என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. முன்பு என்ன, எது மாறியது, பின்பு என்ன என்று எழுதுங்கள். நான் திருத்தி அனுப்பியது இப்படி:

“வரைபடம் நான்கு நிலைகளைக் காட்டுகிறது. முதலில் முகத்துவாரம் மண்திட்டால் மூடியிருக்கிறது. மழைவெள்ளம் வெளியேற வழியின்றி வயல்களில் ஏறுகிறது. மண்திட்டை வெட்டியதும் வெள்ளம் கடலுக்கு ஓடி வயல்கள் வெளிப்படுகின்றன. அதன் பிறகு, திறந்த வாயால் கடல்நீர் வாவிக்குள் வருகிறது.”

ஆறு கிளிக் நான்கு நிலைகளாகிவிட்டது. எஃபெக்டின் பெயர் ஒன்றுகூட இல்லை. திரைவாசிப்பானில் கேட்பவருக்கும் இது விளங்கும்.

இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். அசைவில் இல்லாததை அதற்குள் வாசித்துவிடாதீர்கள். நீலம் மறைய 2 விநாடி எடுத்தது என்பதற்காக “வெள்ளம் வேகமாக வடிந்தது” என்று எழுதக்கூடாது. அந்த 2 விநாடி தயாரித்தவர் போட்ட எண், வாவியில் அளந்த எண் அல்ல. வேகம் பற்றி ஸ்லைடில் எழுத்தோ குறிப்புப் பகுதியில் ஒரு வரியோ இருந்தால் மட்டும் சொல்லுங்கள்.

மூலக் கோப்பு கிடைக்காவிட்டால்

பி.டி.எஃபில் சில அறிகுறிகள் தெரியும். எழுத்தின் மேல் எழுத்து ஏறிக்கிடக்கும், ஒரே இடத்தில் இரண்டு எண்கள் இருக்கும், ஒன்றுக்கொன்று எதிரான அம்புகள் இருக்கும். அப்படிக் கண்டால் நீங்களாக ஒரு கதை கட்டாமல், பேசியவரிடமோ கூட்டத்தில் இருந்தவரிடமோ “இதில் எது முதலில் வந்தது, எது மறைந்தது?” என்று கேளுங்கள். கேட்க ஆளில்லாவிட்டால், “இரண்டு அம்புகள் உள்ளன, எது முந்தியது என்பது இந்தப் பிரதியில் தெரியவில்லை” என்று சுருக்கத்திலேயே எழுதிவிடுங்கள். அன்று நான் அப்படி எழுதியிருந்தால், அந்தப் பெரியவர் வரிசையைத் தானே சொல்லியிருப்பார்.