மினிமம் டியூ மட்டும் கட்டியதால் குறையாத கார்டு கடன்

பில் 20,000, மாத வட்டி 3.5%, மினிமம் டியூ 5%. ஆயிரம் கட்டினேன், மீதி 19,000-க்கு 665 வட்டி ஏறி, அடுத்த பில் 19,665. ஆயிரம் போட்டும் குறைந்தது 335தான்! இந்த வேகத்தில் கடன் பாதியாகவே 41 மாதம் ஆகும், அதுவும் கார்டைத் தொடாமல் இருந்தால்.

தொட்டால் இன்னும் மோசம். பழைய பாக்கி கொஞ்சம் இருந்தாலும் வட்டியில்லா நாட்கள் போய்விடும். புதிதாக வாங்குவதற்கு வாங்கிய அன்றிலிருந்தே வட்டி. இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை.

கார்டை ஓரம்கட்டி, மினிமம் குறைந்தாலும் மாதம் 2,000 என்று நிலையாகக் கட்டினேன். சுமார் ஒரு வருடத்தில் தீர்ந்தது. வட்டி தினக்கணக்கு என்பதால் கெடு நாள்வரை காத்திருக்கவில்லை.

முழுசாகக் கட்டிய பிறகும் ஒரு சின்ன பில் வரும். பில் தேதிக்கும் பணம் கட்டிய நாளுக்கும் இடைப்பட்ட வட்டி அது. அதையும் கட்டி, அடுத்த பில் பூஜ்யம் காட்டிய பிறகே கார்டை எடுத்தேன்.