வாடிக்கையாளர் உங்களை எந்த வேலைக்கு வைத்திருக்கிறார்? பிராண்டுகள் சறுக்கும் நான்கு இடங்கள்

சிறு தொழில் செய்பவர்களுக்கான ஒரு கணக்கு மென்பொருள். அதன் பிராண்ட் குறிப்பைத் திருத்தித் தரச் சொல்லி என்னிடம் ஒரு பக்கத்தைக் கொடுத்தார்கள். "யாருக்காக: 28 முதல் 45 வயது, சொந்தத் தொழில், செல்போனில் புழங்குபவர். என்ன தருகிறோம்: எளிமை, வேகம், நம்பிக்கை." பொய் என்று எதையும் சொல்ல முடியாது. ஆனால் மேலே இருக்கும் பெயரை அடித்துவிட்டுப் போட்டியாளர் பெயரை எழுதினாலும் மற்ற எல்லாம் அப்படியே பொருந்தும்.

இந்த மாதிரிப் பக்கங்களைக் கூர்மையாக்க உதவுவதுதான் 'ஜாப்ஸ் டு பி டன்' என்கிற சிந்தனை. ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலில் பேராசிரியராக இருந்த கிளேட்டன் கிறிஸ்டென்சனும், புத்தாக்க ஆலோசகர் பாப் மொஸ்டா போன்றவர்களும் பரவலாக்கியது. ஒருவர் வாழ்க்கையில் ஏதோ ஓர் இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறார். அதைத் தாண்ட ஒரு பொருளை வேலைக்கு வைக்கிறார். வேலை நடக்கவில்லை என்றால் அதை அனுப்பிவிட்டு வேறொன்றை வைக்கிறார். கேட்க எளிதாக இருப்பதாலேயே பலர் இதைத் தப்பாகப் பிடித்துக்கொள்கிறார்கள்.

வேலையை ரொம்ப உயரத்தில் எழுதுவது

பட்டறையில் உட்கார்ந்து "நம்மை எதற்காக வேலைக்கு வைக்கிறார்கள்?" என்று கேட்டால் பத்து நிமிடத்தில் பலகை நிரம்பிவிடும். மன நிம்மதி, சுதந்திரம், கட்டுப்பாடு. இந்த நிறுவனத்திலும் 'மன நிம்மதி' என்றுதான் எழுதி வைத்திருந்தார்கள். மன நிம்மதிக்குக் காப்பீடும் போட்டி, தூக்கமும் போட்டி. அவ்வளவு உயரத்தில் நின்று பார்த்தால் என்ன செய்யக்கூடாது என்று முடிவெடுக்கவே முடியாது.

ரொம்பக் கீழே இறங்கினாலும் சிக்கல்தான். 'பில்லைப் பதிவு செய்வது' வேலை கிடையாது. அது பொருளுக்குள் நடக்கிற ஒரு செயல். யாரும் பில் பதிவதற்காகக் காலையில் எழுவதில்லை.

எழுதிய வரி சரியான உயரத்தில் இருக்கிறதா என்று பார்க்க நான் இரண்டு கேள்விகள் கேட்பேன். இந்த வேலை வந்து நிற்கும் நாளைக் காட்ட முடியுமா? அந்த நாளில் நம் பொருள் இல்லையென்றால் அவர் எதை எடுப்பார்? இரண்டுக்கும் திட்டவட்டமான பதில் இருந்தால் உயரம் சரி. 'மன நிம்மதி'க்கு நாளும் கிடையாது, மாற்றும் கிடையாது.

"ஏன் பிடித்திருக்கிறது?" என்று கேட்பது

அதிகச் சேதம் செய்வது இந்தத் தவறுதான். பழைய, திருப்தியான வாடிக்கையாளர்களைக் கூப்பிட்டு எது பிடித்திருக்கிறது என்று கேட்பார்கள். அவர்களும் மரியாதைக்கு எதையாவது சொல்வார்கள். "எளிமையாக இருக்கிறது" என்று பதில் வரும், அது அப்படியே விளம்பரத்தில் ஏறிவிடும். வாங்கி மூன்று வருடம் ஆனவருக்கு வாங்கியதற்கு முந்தைய நாள் நினைவிருக்காது. அதனால் இன்றைய பழக்கத்தை வைத்து அன்றைய காரணத்தைச் செய்து தருகிறார்.

பேச வேண்டியது சமீபத்தில் மாறியவர்களிடம். கடந்த இரண்டு மூன்று மாதங்களில் புதிதாக வந்தவர்கள், அதேபோல விட்டுப் போனவர்கள். 'ஏன்' என்பதை முடிந்தவரை தள்ளிவைத்து, 'எப்போது', 'எங்கே', 'யார் கூட இருந்தார்கள்', 'அதற்கு முன் எதை முயன்றீர்கள்' என்று கேட்க வேண்டும். வாங்கிய நிமிடத்தில் தொடங்கி, 'இப்படியே ஓட்ட முடியாது' என்று முதன்முதலில் தோன்றிய இடம் வரை பின்னோக்கி நடத்திக்கொண்டு போக வேண்டும். வழக்கமாக அந்த முதல் இடத்துக்கும் வாங்கிய நாளுக்கும் நடுவே வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஓடியிருக்கும். ஒருவருக்கு முக்கால் மணி நேரமாவது வேண்டும். பத்துப் பன்னிரண்டு பேரிடம் பேசினால் கதைகள் திரும்ப வர ஆரம்பிக்கும்.

அச்சகம் நடத்தும் ஒரு பெண்மணியிடம் பேசியது இப்படித்தான் போனது. முதல் பதில் "ஈஸியா இருந்துச்சு, வாங்கிட்டேன்." சரி, வாங்கிய அன்று என்ன கிழமை என்று கேட்டேன். யோசித்து, மாதத்தின் இரண்டாம் நாள் என்றார். ஏன் அந்த நாள் நினைவிருக்கிறது? முந்தைய நாள் சம்பளம் கொடுத்திருந்தார். வங்கிக் கணக்கில் பணம் நிறையவே தெரிந்தது, கொடுத்துவிட்டார். மறுநாள் காகிதம் வாங்கப் போனபோதுதான் உறைத்தது: அந்த இருப்பில் பெரும்பகுதி ஒரு வாடிக்கையாளர் காகிதத்துக்காகக் கொடுத்த முன்பணம். அன்று ராத்திரி உட்கார்ந்து தேடி இதை வாங்கியிருக்கிறார்.

அதற்கு முன் கணக்கை எதில் பார்த்தீர்கள் என்றதற்கு, "பேங்க் ஆப்பைத் திறந்து பார்ப்பேன், மீதியை மனசுல கழிச்சுக்குவேன்" என்றார்.

இப்போது வேலை தெரிகிறது. 'என் கணக்கில் கிடக்கும் பணத்தில் எவ்வளவு உண்மையிலேயே என்னுடையது என்று, யாருக்காவது பணம் கொடுக்கும் முன் தெரிய வேண்டும்.' உண்மையான போட்டியாளரும் தெரிகிறார். அதுவரை ஒப்பீட்டு அட்டவணையில் இடம்பெற்றவை எல்லாம் மற்ற கணக்கு மென்பொருள்கள். அவர் வேலையை விட்டு நீக்கியதோ வங்கி ஆப்பையும் மனக்கணக்கையும். இலவசமானதும் எப்போதும் கையில் இருப்பதுமான போட்டியாளர். அதை ஜெயிக்க ஐம்பது வசதிகள் தேவையில்லை, ஒரே ஓர் எண் சரியாகத் தெரிய வேண்டும்.

இரண்டு வேலைகளைச் சேர்த்துச் சராசரி எடுப்பது

பேட்டிகள் முடிந்தபோது இரண்டு கதைகள் திரும்பத் திரும்ப வந்திருந்தன. ஒன்று அச்சகக் கதை. இன்னொன்று வரிக் கணக்குக் கதை: கெடு நெருங்குகிறது, ஆடிட்டர் காகிதங்களைக் கேட்கிறார், பில்கள் ஒரு பெட்டியில் குவிந்து கிடக்கின்றன, ஒழுங்காகக் கொடுத்துத் தொல்லையை முடிக்க வேண்டும்.

இரண்டையும் சேர்த்து 'கணக்குகளைத் தெளிவாக வைத்துக்கொள்ள' என்று எழுதிவிடலாமே என்றார்கள். எழுதலாம்தான். ஆனால் அந்த இரண்டு வேலைகளும் ஒன்றோடொன்று இடிக்கின்றன. முதலாமவர் தினமும் திறந்து பார்க்க வேண்டும். எண் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் அது இன்றைய எண்ணாக இருக்க வேண்டும். இரண்டாமவர் வருடத்தில் சில நாள்தான் திறப்பார், மற்ற நாட்களில் மறந்துவிடவே ஆசைப்படுகிறார். ஆனால் திறக்கும்போது கடைசிப் பைசா வரை சரியாக இருக்க வேண்டும். ஒருவரிடம் 'தினமும் பாருங்கள்' என்றும் மற்றவரிடம் 'மறந்துவிடுங்கள்' என்றும் சொல்ல வேண்டிய பிராண்ட், இரண்டையும் விட்டுவிட்டு 'எளிமை' என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறது. முதல் பக்கத்தில் அந்தச் சொல் வந்து உட்கார்ந்தது இப்படித்தான்.

கிறிஸ்டென்சன் சொல்லிவந்த மில்க்‌ஷேக் கதையை இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரியும். காலையில் நீண்ட தூரம் கார் ஓட்டி வேலைக்குப் போகிறவர்கள், வழியெல்லாம் வாய்க்கு வேலையும் மதியம் வரை வயிற்றுக்கு ஆதரவும் வேண்டி ஒரு கடையில் மில்க்‌ஷேக் வாங்கினார்கள். அந்தக் கதையின் பின்பாதியைப் பலர் சொல்வதில்லை. அதே கடையில் மாலையில் அதே பானம், குழந்தையோடு வரும் அப்பாவுக்கு வேறு வேலை செய்தது. காலையில் கெட்டியாக இருந்து மெதுவாகத் தீர்ந்தால்தான் நல்லது. மாலையிலோ குழந்தை அதை உறிஞ்சி முடிப்பதற்குள் அப்பாவுக்குப் பொறுமை போய்விடும். இரண்டுக்கும் நடுவே ஒரு பதத்தைத் தேடினால் காலைக்காரருக்கும் ஆகாது, மாலைக்காரருக்கும் ஆகாது. காலையில் வந்தவரும் மாலையில் வந்தவரும் ஒரே மனிதராகக்கூட இருக்கலாம். வயதும் வருமானமும் இதைக் காட்டிக்கொடுக்காது.

நாங்கள் முதல் வேலையைத் தேர்ந்தெடுத்தோம். அது மாதா மாதம் வருகிறது. வரிக் கதைக்காரர்களில் பலர் கெடு முடிந்ததும் சந்தாவை நிறுத்திவிடுவதை விட்டுப் போனவர்களின் பேட்டிகள் காட்டின. 'யாருக்காக' என்கிற வரியும் மாறியது: 'முன்பணம் வாங்கி, அதிலேயே பொருளும் வாங்கி, சம்பளமும் கொடுக்கிறவர்.' வயது காணாமல் போய்விட்டது. இந்த வரியில் அறுபது வயது அச்சகக்காரர் உள்ளே வருகிறார். அன்றன்று விற்று அன்றன்று பணம் வாங்கும் முப்பது வயதுக்காரர் வெளியே நிற்கிறார், ஏனென்றால் அவருடைய கணக்கில் இருப்பதில் மற்றவர் முன்பணம் கலப்பதில்லை.

தயக்கத்தைக் கணக்கில் எடுக்காதது

மாறுவதற்குப் பின்னால் நான்கு விசைகள் உண்டு என்பது மொஸ்டாவின் பாடம். இப்போதைய நிலை தள்ளுவது, புதியது இழுப்பது. எதிர்ப்பக்கம் பழக்கமும் பயமும். விளம்பரம் எழுதுபவர்கள் முதல் இரண்டோடு நின்றுவிடுவார்கள்.

அவர் சொல்லும் ஒரு வீட்டு விற்பனைக் கதை இதை நன்றாகக் காட்டும். டெட்ராய்ட் பகுதியில் ஒரு கட்டுநர், பிள்ளைகள் வளர்ந்துபோன பெற்றோர்கள் சிறிய வீட்டுக்கு மாறுவதற்கென்று அடுக்ககம் கட்டியிருந்தார். பார்க்க நிறையப் பேர் வந்தார்கள், வாங்கியவர்கள் குறைவு. வாங்கியவர்களிடம் பேசியபோது சாப்பாட்டு மேசை என்கிற சொல் அடிக்கடி வந்தது. குடும்பமே உட்கார்ந்து சாப்பிட்ட அந்தப் பழைய மேசையை என்ன செய்வது என்று முடிவானபிறகுதான் அவர்களால் நகர முடிந்தது. வீட்டில் குறை எதுவும் இல்லை, பழையதை விடுவதுதான் கடினமாக இருந்தது. அதனால் விலையை 3,500 டாலர் உயர்த்தி, சாமான் மாற்றித் தருவதையும் இரண்டு வருடம் பத்திரமாக வைத்திருப்பதையும் அதிலேயே சேர்த்தார்கள். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று நிதானமாகப் பிரிக்க வளாகத்திலேயே ஓர் அறையும் கொடுத்தார்கள்.

எங்கள் மென்பொருளின் முகப்பில் 'உங்கள் பழைய கணக்கு முழுவதையும் நிமிடங்களில் ஏற்றலாம்' என்று பெருமையாக எழுதியிருந்தது. படித்தவர்களுக்கு அதுவே பயமாக இருந்தது. பழைய கணக்கு குளறுபடி என்பது அவர்களுக்கே தெரியும், அதை வெளியே எடுக்க வேண்டுமா என்றுதான் தோன்றியது. அதை எடுத்துவிட்டு, 'இன்றைய இருப்பு, வாங்கிய முன்பணம், கொடுக்க வேண்டியது: இந்த மூன்று எண்கள் போதும், பழையது அப்படியே கிடக்கட்டும்' என்று வைத்தோம்.

ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். உப்பு, தீப்பெட்டி மாதிரி யோசிக்காமல் கை எடுக்கும் பொருள்களில் இந்தப் பேட்டி முறை அதிகம் தராது. மாறிய கதையே இல்லாதவரிடம் கதை கேட்டால் அவர் கதை விடுவார். அப்புறம், பெயர், நிறம், வடிவம் எதையும் இது முடிவு செய்து தராது.

புது வரியைச் சமீபத்தில் வாங்கியவர்களிடம் காட்டினோம். 'நல்லா இருக்கு' என்று தலையாட்டினால் வரி இன்னும் மொட்டையாகத்தான் இருக்கிறது என்று அர்த்தம். படித்ததும் தன் கதையைச் சொல்ல ஆரம்பித்தால் சரியான இடத்தில் பட்டிருக்கிறது. ஆறேழு பேர் கதை சொன்னார்கள். வரிக்காக வந்த ஒருவர் மட்டும் படித்துவிட்டு, "இது எனக்கில்லை போலிருக்கே?" என்றார். விற்பனை மேலாளருக்கு முகம் சுருங்கிவிட்டது. அந்த மனிதருக்கு, அவருடைய ஆடிட்டர் ஏற்கெனவே பயன்படுத்தும் மென்பொருளையே கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லி அனுப்பினோம்.