பழைய பேப்பர், பாட்டில் தொழில்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற ஐப்பசியில், இரவெல்லாம் மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில், பெரம்பூரில் ஓர் இளைஞர் மாடிப்படிக்கு அடியில் கிடந்த செய்தித்தாள் கட்டைத் தராசில் ஏற்றிப் பணம் எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தார். தொழிலுக்கு வந்த முதல் ஆண்டில் நானும் அப்படித்தான் ஈரம் பார்க்காமல் கொடுத்தேன். கணக்கு எழுதாமல் விடுவது போன்ற பிழைகளை எவரும் ஓரிரு வாரத்தில் தாமே திருத்திக்கொள்வர் என்பதால், அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

ஈரத்தைக் காசு கொடுத்து வாங்குவது

செய்தித்தாளுக்கு இரண்டு விலை உண்டு. கிழியாத, சுத்தமான முழுத்தாள், பாத்திரக்கடை போன்ற இடங்களுக்குப் பொருள் சுற்றிக் கொடுக்கப் போகிறது. நனைந்ததும் கிழிந்ததும் 'மிக்ஸ்' என்ற பெயரில் கூழாக்குவதற்கு ஆலைக்குப் போகிறது. எனக்கு அன்று மிக்ஸுக்குக் கிடைத்த விலை முழுத்தாள் விலையில் பாதிக்கும் குறைவு.

அந்த ஆண்டு 210 கிலோவைக் கிலோ 12 ரூபாய்க்கு வாங்கினேன். போட்ட முதல் 2,520 ரூபாய். கிலோ 15 ரூபாய்க்கு விற்றால் 630 ரூபாய் நிற்கும் என்ற நினைப்பில், கட்டுகளைச் சிமெண்டுத் தரையிலேயே அடுக்கித் தார்ப்பாயால் இறுக மூடி வைத்தேன். பத்து நாள் கழித்து மொத்த வியாபாரி ஒவ்வொரு கட்டின் நடுவிலும் கையை நுழைத்துப் பார்த்து, 130 கிலோவை மட்டும் முழுத்தாளாக எடுத்துக்கொண்டார். மீதி 80 கிலோவில் ஈரத்துக்கென 10 கிலோவைக் கழித்து, கிலோ 6 ரூபாய் போட்டார். கைக்கு வந்தது 2,370 ரூபாய். வண்டி வாடகை 300 போக, என் பணத்தில் 450 ரூபாய் போயிற்று. அவர்மீது குற்றமில்லை, தண்ணீரைப் பேப்பர் விலைக்கு வாங்கியவன் நான். இன்றும் நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது.

கட்டின் மேல்தாள் காய்ந்திருப்பதைக் கண்டு ஏமாறக் கூடாது. நடுவில் விரலை நுழைத்தால் ஈரத்தாள் குளிர்ச்சியாகத் தெரியும். ஓரங்கள் அலையலையாக நெளிந்திருக்கும். புழுங்கல் வாடையும் வரும். அத்தகைய கட்டை மிக்ஸ் விலைக்குக் கேளுங்கள், தராவிட்டால் விட்டுவிடுங்கள். வாங்கியதைச் செங்கல் வைத்துப் பலகை போட்டு அதன்மேல், சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி அடுக்குங்கள். மழை நின்றதும் தார்ப்பாயை விலக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் உள்ளேயே வியர்த்துவிடும்.

பாட்டிலை எடைக்குப் போடுவது

மறுபடி நிரப்பப்படும் பாட்டில் எண்ணிக்கைக்கு விலைபோகும். வாய் சிதைந்தால் அது வெறும் கண்ணாடித் தூள் விலைக்குத்தான் போகும். ஆகவே வாங்கும்போதே ஒவ்வொன்றின் வாயையும் விரலால் பதமாகத் தடவிப் பார்த்துவிட்டு, கோணியில் கொட்டாமல் கிரேட்டில் நிறுத்தி வையுங்கள்.

வயரை எரித்துச் செம்பு எடுப்பது

வேண்டாம், பிளேடால் உரியுங்கள்.

வியாபாரியிடம் முன்பணம்

வாங்கினால், அதன் பிறகு விலையை அவர்தான் சொல்வார்.